பேக்கேஜைக் காட்டுங்கள், பெண்ணைப் பெற்றவரின் கண்ணீரைக் காட்டாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகள் சிலருக்குக் கோபம் வரலாம். அவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள்தான். கோபப்பட்டாலும் முழுதாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன ஆனி மாதம் நடந்தது. எங்கள் பிரம்மதேசத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையே ஒரு சிற்றூர். என்னிடம் பத்தாவது வரை படித்த பெண்ணுக்குக் கல்யாணம். அப்பா உப்பளத் தொழிலாளி. மழைக்காலம் வந்தால் பாத்தி தண்ணீரில் மூழ்கிவிடும், உப்பு வார முடியாது, கூலியும் கிடையாது. மிச்ச மாதங்களில் வெயிலில் நின்று சேர்த்த காசில்தான் அந்த மனிதர் மகளைக் கரையேற்றினார். நானும் போயிருந்தேன். நல்ல சாப்பாடு, நல்ல கூட்டம், மனசு நிறைந்து திரும்பினேன்.

எட்டு நாள் கழித்து ஒரு பழைய மாணவன் எனக்கு ஒரு ரீல் அனுப்பினான். "சார், நம்ம ஊரு கல்யாணம், பாருங்க" என்று. அரை நிமிடம்கூட இருக்காது. மண்டபத்தின் பின்கட்டு அறை. பெண்ணின் அப்பா, மாப்பிள்ளையின் அப்பா முன்னால் இரண்டு கையையும் கூப்பியபடி நிற்கிறார். உதடு அசைகிறது, பேச்சு கேட்கவில்லை. பேச்சை எடுத்துவிட்டு ஒரு சோகப் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். கண்ணில் தண்ணீர் வழிகிறது, மெதுவாக ஓடவிட்டுக் காட்டுகிறார்கள். அடுத்த காட்சியில் கதவோரம் நின்று பார்க்கும் மணப்பெண்ணின் முகம். அதற்கு மேல் எழுத்து ஓடுகிறது: 'அப்பாவின் பாசம்'. கடைசியில் ஸ்டுடியோவின் பெயர், போன் நம்பர், 'முகூர்த்தம் + வரவேற்பு பேக்கேஜ்' என்று ஒரு தொகை.

அது பாசம் இல்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சொன்ன நகையில் இரண்டு சவரன் குறைந்துவிட்டது. தை மாதத்துக்குள் போட்டுவிடுகிறேன் என்று அந்த மனிதர் சம்பந்தியிடம் கெஞ்சினார். அதைத்தான் கேமரா பிடித்தது. (நகை பேசிக் கல்யாணம் செய்வது குற்றம், அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்றைக்கு விஷயம் கேமரா.) கீழே கருத்துகள். 'எத்தனை சவரன் பாக்கி மாமா?' என்று ஒருவன் கேட்டிருந்தான். அதற்குச் சிரிப்புப் பொம்மை நாற்பது ஐம்பது. அந்த மனிதர் அதன் பிறகு இரண்டு மாதம் டீக்கடைப் பக்கம் வரவில்லை. மகள் புகுந்த வீட்டில் என்ன கேட்டிருப்பாள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அந்த ஸ்டுடியோ தம்பியைத் தேடிப் போனேன். பெயர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். அவனை அவமானப்படுத்த இந்தப் பதிவு இல்லை, அவன் செய்ததை இன்றைக்கு எல்லோரும் செய்கிறார்கள். மரியாதையாக நாற்காலி போட்டான், டீ வாங்கி வரச் சொன்னான். விஷயத்தைச் சொன்னேன்.

"சார், அது எமோஷனா வந்திருந்துச்சி சார். அந்த ஒரு ரீல்ஸ்லதான் நாலு ஆர்டர் பேசியிருக்கேன்."

"அந்த நாலு பேரும் உன்கிட்ட என்ன கேட்டாங்க?" என்றேன்.

போனை எடுத்துக் காட்டினான். நால்வரும் கேட்டது ஏறக்குறைய ஒன்றுதான். எவ்வளவு? எத்தனை ஷீட்? ட்ரோன் உண்டா? ஆல்பம் எப்போது கையில் கிடைக்கும்? முன்பணம் எவ்வளவு? ஒருவர் மட்டும், 'நைட் ரிசப்ஷனுக்கும் அதே ரெண்டு பேர்தான் வருவாங்களா, வேற ஆள அனுப்புவீங்களா?' என்று கேட்டிருந்தார்.

நான் சொன்னேன்: "தம்பி, இந்த ஆறு கேள்வியில ஒண்ணுக்காவது அந்த அப்பாவோட கண்ணீர்ல பதில் இருக்கா?"

அவனிடம் பதில் இல்லை. இந்தப் பதிவின் சாரமே அதுதான். வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் காட்டாமல் தொழில் விளம்பரம் செய்ய முடியாது என்கிறார்கள். நான் சொல்கிறேன், நீங்கள் அந்தரங்கத்தைக் காட்டுகிறீர்களே தவிர பேக்கேஜை இதுவரை காட்டவே இல்லை. அழும் முகத்தைக் காட்டுவது, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் தப்பிக்கும் வழியாகிவிட்டது. ஆல்பம் நாலு மாதம் தாமதமாகும் ஸ்டுடியோவும் அதே ரீலைப் போடலாம், நாற்பத்தைந்து நாளில் கொடுக்கும் ஸ்டுடியோவும் அதே ரீலைப் போடலாம். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

சரி, இனி அவன் என்னிடம் வைத்த வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் இதே வாதங்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

முதல் வாதம்: "நான் எடுத்த படம் சார், என் கேமரா, என் உழைப்பு, என் படம்."

இல்லை தம்பி. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆவது பிரிவு, ஆ உட்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், காசு வாங்கிக்கொண்டு எடுக்கப்படும் புகைப்படத்துக்கும் படத்துக்கும் முதல் உரிமையாளர், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபோது, அதை எடுக்கச் சொன்னவர்தான். எடுத்தவர் அல்ல. நீ சொந்தமாக உப்பளத்துக்குப் போய் உப்பு வாருகிறவர்களைப் படம் எடுத்தால் பதிப்புரிமை உன்னுடையது. கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு எடுத்தால் அது காசு கொடுத்தவருடையது. இன்னொருவர் சொத்தான படைப்பைப் பயன்படுத்த அவர் எழுத்தில் அனுமதி தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 30ஆவது பிரிவு சொல்கிறது. 'அன்னைக்குக் கேட்டேன், தலையாட்டினாங்க' என்பது செல்லாது.

இதைச் சொன்னதும் தம்பி உஷாராகிவிட்டான். ஆர்டர் ஃபாரத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினான். பின்பக்கம், எறும்பு வரிசை மாதிரி ஆங்கிலத்தில் பதினோரு நிபந்தனை. ஒன்பதாவதில், படங்களை ஸ்டுடியோ தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று இருந்தது. கீழே அந்த அப்பாவின் கையெழுத்து, தமிழில், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் போட்டது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத மனிதர், மகள் கல்யாணத்துக்கு முன்பணம் கட்டும் அவசரத்தில், படிக்க முடியாத ஒன்பதாவது வரிக்குச் சம்மதம் கொடுத்துவிட்டாராம். இதைச் சம்மதம் என்று சொல்ல எந்த வாத்தியாருக்கும் நாக்கு வராது. பரீட்சையில் கேள்வித்தாளே புரியாத பையனிடம் 'விடை எழுதிட்ட இல்ல' என்று கேட்பது போல இருக்கிறது.

ஆனால் இங்கே நாம் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. பதிப்புரிமை காசு கொடுத்தவருக்கு என்றேன். நம் கல்யாணங்களில் காசு கொடுப்பவர் யார்? பெரும்பாலும் பெண்ணின் அப்பா அல்லது மாப்பிள்ளையின் அப்பா. இரண்டு வீட்டாரும் தனித்தனியே ஆள் வைப்பதும் உண்டு. அப்படியானால் மாப்பிள்ளை வீட்டார் வைத்த கேமரா பெண்ணை எடுத்த படத்துக்குப் பதிப்புரிமை மாமனாருடையது. மாமனார் சரி என்றால் மருமகளின் முகம் விளம்பரத்துக்குப் போகும். ஆகவே பதிப்புரிமையை மட்டும் நம்பினால் மணப்பெண்ணுக்குப் பாதுகாப்பு இல்லை.

அங்கேதான் இரண்டாவது கதவு. இது நம் தமிழ்நாட்டு வழக்கு. ஆட்டோ சங்கர் சிறையில் இருந்தபோது எழுதியதாகச் சொல்லப்பட்ட வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடப்போவதாக அறிவித்தது, அதிகாரிகள் தடுத்தார்கள், பத்திரிகை உச்ச நீதிமன்றம் போனது. 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பு வந்தது. ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்று சட்டம் படிப்பவர்கள் சொல்லும் வழக்கு. பத்திரிகைக்குச் சாதகமாகத்தான் தீர்ப்பு, பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடலாம் என்றார்கள். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றையும் தெளிவாக வைத்தார்கள். தன்னுடைய, தன் குடும்பத்தினுடைய, திருமணத்தினுடைய, தாய்மையினுடைய அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு. அவர் சம்மதம் இல்லாமல் அதை வெளியிட்டால், வெளியிட்டது உண்மையாகவே இருந்தாலும், நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். அந்தரங்கங்களின் பட்டியலில் திருமணத்தை நீதிமன்றம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னதற்கு இருபத்து மூன்று வருடம் முன்பே, ஒரு தமிழ்ப் பத்திரிகையின் வழக்கில் இது வந்துவிட்டது. இந்த உரிமை படத்துக்குக் காசு கொடுத்தவருக்கு அல்ல, படத்தில் இருப்பவருக்கு. மாமனார் கையெழுத்து மருமகளுக்குச் செல்லாது.

இரண்டாவது வாதம்: "ஆயிரம் பேர் முன்னாடி நடந்த கல்யாணம்தானே சார், இதுல என்ன ரகசியம்?"

ஆயிரம் பேரையும் பத்திரிகை வைத்து, பெயர் எழுதி, வெற்றிலை பாக்கு கொடுத்து அழைத்தார்கள். அழைத்தவர் யார், அழைக்கப்பட்டவர் யார் என்று இரண்டு பக்கமும் தெரியும். 'எத்தனை சவரன் பாக்கி' என்று கேட்டவனை யாரும் அழைக்கவில்லை. அதோடு, அந்த ஆயிரம் பேருமே பார்க்காத இடம் பின்கட்டு அறை. அலங்கார அறை, சாப்பாட்டுப் பந்தியின் கோபம், மொய் எழுதும் மேசை, தாலி கட்டிய பிறகு அம்மாவின் காதில் பெண் சொல்வது, இவை எல்லாம் கேமராக்காரருக்கு மட்டும் திறந்த இடங்கள். குடும்பம் உன்னை நம்பித் திறந்தது. டாக்டருக்கும் வக்கீலுக்கும் நாம் திறப்பது போல.

பெரிய இடத்துக் கல்யாணங்களைப் பாருங்கள். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே வடக்கே போனால் மாமல்லபுரம். 2022 ஜூன் 9 அன்று நயன்தாராவுக்கும் விக்னேஷ் சிவனுக்கும் அங்கே கல்யாணம். அந்தக் கல்யாணக் காட்சிகள் இரண்டு வருடத்துக்கும் மேல் கழித்து, 2024 நவம்பரில், நெட்ஃபிளிக்ஸில் படமாக வந்தன. எதைக் காட்டுவது, எப்போது காட்டுவது, யாருக்குக் கொடுப்பது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அதில் தப்பு இல்லை, அவர்கள் கல்யாணம். நான் கேட்பது இவ்வளவுதான். நட்சத்திரத்துக்கு இருக்கும் அந்த முடிவு உப்பளத் தொழிலாளியின் மகளுக்கு ஏன் இல்லை?

மூன்றாவது வாதம்: "அப்ப முகத்துல ஸ்டிக்கர் ஒட்டிப் போடறோம் சார்."

இது பெரிய ஊரில் எடுபடலாம். பிரம்மதேசத்தில் புடவை நிறம் போதும் அடையாளம் சொல்ல. முகத்தை இதயப் பொம்மையால் மறைத்துவிட்டுப் பின்னால் மேடையில் இருவர் பெயரும் ஆளுயர எழுத்தில் மின்னும். காரின் முன்கண்ணாடியில் பெயர்ப்பலகை இருக்கும். பத்திரிகையை அழகாகப் படம் எடுத்துப் போடுவார்கள், அதில் வீட்டு முகவரியும் இரண்டு போன் நம்பரும் இருக்கும். இன்னொன்று பலர் யோசிப்பதில்லை. தாலியைக் கிட்டத்தில் எடுத்துப் போடுகிறீர்களே, நம் பக்கத்தில் தாலியின் வடிவத்தைப் பார்த்தே சாதி சொல்லிவிடுவார்கள். காதல் கல்யாணமாக இருந்தால் அது விளையாட்டு இல்லை. நகைத் தட்டைக் கிட்டத்தில் எடுத்து அன்றைக்கு ராத்திரியே போடுவதும் அப்படித்தான். எல்லோரும் மண்டபத்தில் இருக்கிறோம், வீடு பூட்டியிருக்கிறது, நகை இவ்வளவு இருக்கிறது என்று தண்டோரா போடுவது போல.

ஆகவே 'முகம் தெரியாமல்' என்பது அளவுகோல் அல்ல. 'யாருடைய கல்யாணம் என்று தெரியாமல்' என்பதுதான் அளவுகோல். படத்தைப் போடும் முன் அதே ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டி, இது யார் வீட்டு விசேஷம் என்று கேளுங்கள். சொல்லிவிட்டால் அந்தப் படம் தேறவில்லை.

நான்காவது வாதம்தான் உண்மையான வாதம்: "அப்ப எதைத்தான் சார் போடறது? நாங்க சோறு தின்ன வேணாமா?"

இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். குற்றம் மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வருவது வாத்தியார் வேலை இல்லை. அவனும் நானும் அன்றைக்கு உட்கார்ந்து ஒரு பதிவை எழுதினோம். அவன் தொழில் விவரம் சொன்னான், நான் கேள்வி கேட்டேன். கேட்கக் கேட்க அவனுக்கே தெரியாமல் இருந்த பள்ளங்கள் தெரிந்தன. உதாரணமாக ஷீட் கணக்கு. 12க்கு 36 ஆல்பம் என்றால் விரித்து வைத்த அளவு, 12 அங்குல உயரம், 36 அங்குல அகலம். விரித்தால் தெரியும் இரண்டு பக்கம் சேர்ந்தது ஒரு ஷீட். நாற்பது ஷீட் என்றால் எண்பது பக்கம். வாடிக்கையாளர் பலர் நாற்பது பக்கம் என்றோ, நாற்பது தாளின் இரண்டு புறம் என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது. எழுதி முடித்த பதிவு இப்படி வந்தது:

"முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். மாலை 5 முதல் 10 வரை, காலை 4 முதல் 11 வரை இருப்போம். அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் தனிக் கட்டணம், முன்பே சொல்லிவிடுவோம். போட்டோவுக்கு இருவர், வீடியோவுக்கு இருவர். இரண்டு நாளும் அதே ஆட்கள். மேடைக்கு எதிரே ஒரு கேமரா நிலையாக நிற்கும், மற்றவை நகரும். ஆல்பம் ஒன்று, 12க்கு 36, நாற்பது ஷீட், அதாவது எண்பது பக்கம். ஷீட் கூடினால் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு. கல்யாணம் முடிந்து பத்து நாளில் எல்லாப் படங்களையும் பார்க்கத் தருவோம். நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த நாளிலிருந்து நாற்பத்தைந்து நாளில் ஆல்பம். நீங்கள் தேர்ந்தெடுக்கத் தாமதமானால் அந்த நாள் கணக்கில் வராது. எல்லாப் படங்களும் பென்டிரைவில் உங்களுக்கே. எங்களிடம் ஆறு மாதம் ஒரு பிரதி இருக்கும், பிறகு அழித்துவிடுவோம். உங்கள் படம் எதையும் நீங்கள் எழுதிக் கொடுக்காமல் எங்கும் போட மாட்டோம்."

இதைப் படிக்கும் பெண்ணைப் பெற்றவருக்குத் தன் கேள்விகளில் முக்கால்வாசிக்குப் பதில் கிடைத்துவிடும். கடைசி வரியைப் படித்ததும் மனசு இந்த ஸ்டுடியோ பக்கம் சாயும். நான் பெண்ணைப் பெற்றவன், எனக்குத் தெரியும்.

சரி, எழுத்து மட்டும் போதாது, படம் வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது. யாரும் வருவதற்கு முன் விடியற்காலை நாலு மணிக்கு விளக்குப் போட்ட காலி மணவறை. அதை எடுத்தால் உன் வெளிச்சக் கணக்கு தெரியும். ஓமப் புகை வழியாகத் தெரியும் குத்துவிளக்கின் சுடர். புகையில் படம் வெளுத்துப்போகாமல் எடுப்பவன்தான் கைதேர்ந்தவன் என்று தம்பியே சொன்னான். இன்றைக்கு மேடைகளில் எல்.இ.டி. திரை வைக்கிறார்கள், அதன் நீலமும் ஊதாவும் எல்லாவற்றின் மேலும் விழுகிறது. அந்த வெளிச்சத்தில் பட்டு வேட்டியின் வெள்ளை வெள்ளையாகவே வந்திருக்கிறதா என்று ஒரு மடிப்பை மட்டும் கிட்டத்தில் காட்டு. விவரம் தெரிந்தவனுக்கு அது ஒரு நூறு முகத்துக்குச் சமம். மல்லிகைச் சரத்தின் நுனி, அட்சதைத் தட்டு, வாசல் கோலம். பிறகு ஆல்பத்தையே மேசையில் வைத்து எடு. அட்டை, தாளின் கனம், நடு மடிப்பில் படம் வெட்டுப்படாமல் விரிகிறதா, பெட்டி எப்படி இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் பொருள் அதுதானே, அதை ஏன் யாரும் காட்டுவதே இல்லை?

"ஆனா சார், ஸ்கின் டோன் காட்டணும்ல. ஆளு இல்லாம எப்படி?" என்றான். நியாயமான கேள்வி. தோல் நிறம், அதிலும் நம்மைப் போன்ற மாநிறத்தையும் கறுப்பையும் சாம்பல் பூசாமல் எடுப்பது, தனித் திறமை. அதைக் காட்ட முகம் வேண்டும். அவனுக்கு அண்ணன், அண்ணி இருக்கிறார்கள். கூலி கொடுத்தால் வர இரண்டு பேர் கிடைப்பார்கள். ஒரு ஆடி மாதம், முகூர்த்தம் இல்லாத நாளில், அரை நாள் மாலையும் புடவையுமாக உட்காரவைத்து எடு. 'இது மாதிரிக்கு எடுத்தது' என்று கீழே எழுதிப் போடு. ஜவுளிக்கடை விளம்பரத்தில் நிற்பவர்கள் உண்மையான மணமக்கள் இல்லை என்று தெரிந்துதான் நாம் புடவை வாங்குகிறோம்.

உண்மையான கல்யாணப் படம்தான் வேண்டும் என்றால் கேட்டு வாங்கு. ஆனால் கேட்கும் நேரம் முக்கியம். முன்பணம் கட்டும் அன்று கேட்காதே, அன்றைக்கு அவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள். ஆல்பம் கொடுத்து, கணக்கு முடிந்த பிறகு கேள். பொதுவாகக் கேட்காதே, 'இந்த எட்டுப் படம்' என்று தாளில் போட்டுக் காட்டிக் கேள். பெண்ணிடமும் பையனிடமும் தனித்தனியே கேள். ஒருவர் வேண்டாம் என்றால் அது வேண்டாம். பக்கத்தில் நிற்கும் விருந்தாளியை வெட்டிவிடு, குழந்தையை விட்டுவிடு. பின்னால் எப்போது எடுக்கச் சொன்னாலும் காரணம் கேட்காமல் எடுப்பேன் என்று தமிழில் எழுதிக் கொடு. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தை இப்படித்தான் விளக்குகிறது: வற்புறுத்தல் இல்லாமல், இன்ன காரியத்துக்கு என்று குறிப்பாக, நிபந்தனை இல்லாமல் தர வேண்டும், கொடுத்த அளவுக்கு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும்.

சில ஸ்டுடியோக்கள், 'ரீல்ஸ் போட சம்மதிச்சா ரெண்டாயிரம் குறைச்சிக்கிறோம்' என்கின்றன. கேட்கச் சமமான பேரம் மாதிரி இருக்கும். இரண்டாயிரத்துக்காகச் சரி என்று சொல்பவர் யார் என்று யோசியுங்கள். மில் முதலாளி சொல்ல மாட்டார். உப்பு வாருகிறவர் சொல்வார். கடைசியில் ஊர் பார்ப்பது எல்லாம் ஏழை வீட்டுக் கண்ணீராகவே இருக்கும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் வாத்தியாராக இருந்ததற்கு அர்த்தம் இல்லை. மஞ்சள் நீராட்டு விழா. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளையின் படத்தை, எதற்காக அந்த விழா என்பது உலகத்துக்கே தெரியும்படி, 'பேக்கேஜ்' என்று போடுகிறார்கள். நான் வேலையில் இருந்த கடைசி வருடங்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அப்படி ஒரு படத்துக்குப் பிறகு இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை. பையன்கள் அதைப் போனில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். இதில் பெற்றவர் சம்மதித்தால்கூட நான் ஒப்ப மாட்டேன். அந்தப் பிள்ளை பதினெட்டு வயதில் கேட்டால் என்ன பதில் சொல்வோம்? இதற்கு மாதிரிப் படம்கூட வேண்டாம். தட்டு வரிசையும் பந்தல் அலங்காரமும் காட்டுங்கள், போதும்.

எங்கள் காலத்தில் திண்டிவனத்தில் ஸ்டுடியோ வாசலில் கண்ணாடி ஷோகேஸ் இருக்கும். நல்ல படமாக வந்தால் அதில் மாட்டுவார்கள். என் அக்கா கல்யாணப் படத்தை மாட்ட ஸ்டுடியோக்காரர் அப்பாவிடம் ஆள் அனுப்பிக் கேட்டார். அப்பா மூன்று மாதம் என்றார், மூன்றாம் மாதம் இறக்கிக் கையில் கொடுத்தார்கள். அந்தத் தெருவில் போனவர்கள் மட்டும் பார்த்தார்கள். இன்றைய ஷோகேஸுக்குத் தெருவும் இல்லை, மூன்று மாதமும் இல்லை. பொதுக் கணக்கில் போட்ட ரீலை, போட்டவர் தடுத்து வைக்காவிட்டால், பார்ப்பவர் தன் போனில் இறக்கிக்கொள்ளலாம். பிறகு நீங்கள் அழித்தாலும் அது அழியாது.

தம்பி அன்றைக்கே அந்த ரீலை எடுத்துவிட்டான். அது அவன் நல்ல மனசு. ஆனால் அதற்குள் வேறு இரண்டு பக்கங்கள் எடுத்துப் போட்டிருந்தன. ஒன்று, பதிப்புரிமை பெண்ணின் அப்பாவுடையது என்று புகார் கொடுத்ததும் இறங்கியது. இன்னொன்றை யார் நடத்துகிறார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை, அது இருக்கிறது. இதுதான் நிலைமை. பாத்தியில் கரைந்த உப்பை வெயில் திரும்பக் கொடுக்கும், இதைத் திரும்ப வார முடியாது.

கல்யாணம் வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒரே வேண்டுகோள். முன்பணம் கொடுக்கும் முன் ஆர்டர் ஃபாரத்தின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் படித்த பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற வரி இருந்தால் பேனாவால் அடித்து, பக்கத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். 'எங்கள் படத்தை எங்கும் போடக் கூடாது' என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். மறுக்கும் ஸ்டுடியோ வேண்டாம், திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரை ஸ்டுடியோவுக்கா பஞ்சம்?

அந்தத் தம்பி புதுப் பதிவைப் போட்டிருக்கிறான். காலி மணவறைப் படமும் ஆல்பப் படமும் மட்டும். லைக் குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் போன வாரம் போன் செய்தான். "சார், இப்ப கூப்பிடறவங்க எவ்ளோன்னு கேக்கறதில்ல சார், தேதி காலியான்னு கேக்கறாங்க" என்றான்.

அந்தப் பெண்ணின் அப்பா இப்போது டீக்கடைக்கு வருகிறார். பெஞ்சின் ஓரத்தில் உட்காருகிறார். யாராவது போனை நிமிர்த்திப் பிடித்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.